உங்களுக்குத் தெரியுமா? – மல்டிமீட்டரை மெயின்ஸில் வைக்கும் முன்

மல்டிமீட்டரில் லீட் செருகும் துளைகளுக்குப் பக்கத்தில் ‘கேட்’ என்று போட்டு, ரோமன் எண்ணில் 2, 3 அல்லது 4 என அச்சிட்டிருப்பார்கள். அந்த மீட்டரை எதுவரை கொண்டுபோகலாம் என்பதற்கான எல்லைக்கோடு அது. பிளக் பாயிண்டில் மாட்டும் மிக்சி, டிவிக்கு கேட்-2 போதும். டி.பி. பாக்ஸ், சுவர் ஒயரிங் என்றால் கேட்-3 வேண்டும். ஈ.பி. மீட்டர், கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயர் பக்கம் கேட்-4 மட்டுமே.

டி.பி. பாக்ஸைச் சோதிக்க, ‘கேட்-2, 1000 வோல்ட்’ மீட்டரைவிட ‘கேட்-3, 600 வோல்ட்’ மீட்டர்தான் பாதுகாப்பானது! நம் லைன் 230 வோல்ட்தான். ஆனால் மின்னல் தாக்கினாலோ பெரிய மோட்டார் அணைந்தாலோ, கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக, ஆயிரக்கணக்கான வோல்ட் அதில் பாய்ந்துவிடும். மேற்சொன்ன இரண்டு மீட்டர்களையும் 6000 வோல்ட் அதிர்ச்சி கொடுத்தே சோதிக்கிறார்கள். கேட்-2 சோதனையில் அந்த மின்சாரம் 12 ஓம் தடையைத் தாண்டி வருகிறது. கேட்-3 சோதனையில் 2 ஓம்தான். வகுத்துப் பாருங்கள்: ஒன்றில் 500 ஆம்பியர், மற்றதில் 3000 ஆம்பியர் பாயலாம். கடையில் வோல்ட்டை மட்டும் பார்த்து வாங்குவது ஆபத்து என்பது இதனால்தான்.

மீட்டர் கேட்-3, லீட் கேட்-2 என்றால் மொத்தமும் கேட்-2தான்.

சிவப்பு லீட்டை ஆம்பியர் துளையிலேயே மறந்துவிட்டு, வோல்ட் பார்க்க பிளக் பாயிண்டில் வைத்தால் அது நேரடி ஷார்ட். அப்போது ஆளைக் காப்பது உள்ளே இருக்கும் ஃபியூஸ் மட்டுமே. அது நன்றாக இருக்கிறதா என்று மீட்டரைத் திறக்காமலே பார்க்கலாம். எந்த சர்க்யூட்டிலும் தொடாமல், சிவப்பு லீட்டை வோல்ட்-ஓம் துளையில் செருகி, டயலை ஓம்ஸில் வைத்து, அதே லீட்டின் முனையை ஆம்பியர் துளைக்குள் விட்டுத் தொடுங்கள். ஒரு ஓமுக்கும் கீழே காட்டினால் இணைப்பு இருக்கிறது. மில்லி ஆம்பியர் துளையில் இதைவிடக் கூடுதலாகக் காட்டும், அது இயல்பு. `OL` வந்தால் ஃபியூஸ் போய்விட்டது.

இந்தச் சோதனையை ஒரு துண்டு ஒயரும் ஏமாற்றிவிடும்! ஃபியூஸுக்குப் பதில் யாராவது கம்பியைச் சுற்றியிருந்தாலும் அதே ரீடிங்தான் வரும். 10 ஆம்பியர் துளைக்கு ஃபியூஸே வைக்காத மலிவு மீட்டர்களும் உண்டு. துளையருகே அதை அச்சிட்டே இருப்பார்கள். ஆகவே பழைய மீட்டர் கைக்கு வந்தால், லீட்டைக் கழற்றிவிட்டு ஒருமுறை மூடியைத் திறந்து பாருங்கள். மெயின்ஸுக்கு வேண்டியது மணல் நிரப்பிய செராமிக் ஃபியூஸ். 250 வோல்ட் கண்ணாடி ஃபியூஸ் பெரிய ஷார்ட்டில் வெடித்துச் சிதறலாம், உள்ளே தீப்பொறி அணையாமல் தொடரலாம். மாற்றும்போது மீட்டரில் குறித்திருக்கும் ஆம்பியர், வோல்ட் இரண்டும் அப்படியே பொருந்த வேண்டும்.