சிறிய கடைக்குச் செயலியா, இணையப் பக்கமா?

அண்மைக் காலமாக எமது பகுதிகளில் சிறிய கடை நடத்தும் பெண்களிடம் இளைஞர்கள் சிலர் வந்து, "உங்கள் கடைக்கென்று ஒரு மொபைல் செயலி செய்து தருகிறோம், வாடிக்கையாளர்கள் போனிலேயே ஓடர் போடலாம்" என்று சொல்கிறார்கள். கிளிநொச்சி மாவட்டத்தில் மிளகாய்த்தூள், அரிசிமா, குரக்கன்மா, ஒடியல்மா போன்றவற்றை அரைத்து விற்கும் ஒரு சகோதரியிடமும் அப்படிக் கேட்டிருந்தார்கள். சுயதொழில் செய்யும் பெண்களுக்குக் கணக்கு எழுதப் பழக்குவது எனது வேலை என்பதால், அவர் முடிவெடுக்க முன் என்னிடம் வந்தார். செயலிக்குக் கேட்ட தொகை 160,000 ரூபா. கையில் இல்லாததால் குழுக் கடன் எடுக்க யோசித்திருந்தார். பெயர் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால், அவரை அக்கா என்றே இங்கு எழுதுகிறேன்.

முதலில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன். செயலி என்பது வாடிக்கையாளர் தமது போனில் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டிய ஒன்று. இறக்காதவருக்கு அது இல்லை. இணையப் பக்கம் என்பது ஒரு முகவரி. வட்ஸ்அப்பில் அந்த முகவரியை அனுப்பினால், அதைத் தொட்டவுடன் பக்கம் திறக்கும். எதையும் இறக்க வேண்டியதில்லை. அந்தப் பக்கம் சிறிய திரைக்கேற்ப எழுத்தும் படமும் தானாக ஒழுங்காகும்படி செய்யப்பட்டிருந்தால், அதைக் கைத்தொலைபேசிக்கு ஏற்ற பக்கம் என்கிறோம்.

இருவரும் அக்காவின் கடன் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு எண்ணினோம். ஒரு கடைக்காரிக்குத் தன் வாடிக்கையாளரைப் பற்றிக் கொப்பி சொல்வதைப் போல வேறு எதுவும் சொல்லாது. நிரந்தரமாக வாங்குவோர் 64 பேர். அவர்களில் 23 பேரிடம் பட்டன் போன்தான். மிகுதி 41 பேரில் 5 பேர் ஐபோன் வைத்திருப்பவர்கள். அன்ட்ரொயிட் போனுக்குச் செய்த செயலி அதில் ஏறாது, வேறாகச் செய்ய வேண்டும். மற்ற 36 பேரின் பெயர்களுக்கு எதிரே, "இவர் தானாக ஒரு செயலியை இறக்குவாரா?" என்று கேட்டுக் கேட்டுப் புள்ளடி போட்டோம். பலருக்குப் போன் வாங்கிய கடையில்தான் கூகுள் கணக்கு திறந்து கொடுத்திருக்கிறார்கள். கடவுச்சொல் அவர்களுக்குத் தெரியாது. சிலரது போன் பிள்ளைகளின் பாடக் காணொளிகளால் நிரம்பி, இடமில்லை என்று காட்டுகிறது. ஈற்றில் புள்ளடி விழுந்தது 12 பேருக்கு.

160,000 ரூபாவை 12ஆல் பிரித்தால் ஒருவருக்கு 13,000 ரூபாவுக்கு மேல் வருகிறது. ஒரு வாடிக்கையாளரால் அக்காவுக்கு மாதம் கிடைக்கும் இலாபம் ஏறத்தாழ 300 ரூபா. அந்த இலாபம் முழுவதையும் போட்டாலும் செலவை மீட்க மூன்றரை வருடத்துக்கு மேல் ஆகும். அந்த 12 பேரும் செயலி இல்லாமலே இப்போது வாங்குகிறவர்கள்தான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கடன் வட்டியை நாங்கள் கணக்கில் எடுக்கவே இல்லை.

செயலிக்குச் செலவு ஒருமுறையோடு முடிவதுமில்லை. கூகுளின் பிளே ஸ்டோரில் செயலி போடுவதற்குக் கணக்குத் திறக்க 25 அமெரிக்க டொலர், ஒருமுறை மட்டும். ஐபோனுக்கு என்றால் ஒவ்வொரு வருடமும் 99 டொலர். 2023 நவம்பர் 13க்குப் பின் தனியாள் பெயரில் திறந்த பிளே ஸ்டோர் கணக்கு என்றால், செயலியை எல்லோருக்கும் திறந்துவிட முன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாட்கள் அதைப் பரீட்சித்துப் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. அத்துடன் அன்ட்ரொயிட் புதிது புதிதாக வரும்போது செயலியையும் அதற்கேற்பத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். திருத்தாமல் விட்டால், புதுப் போன் வாங்குகிறவர் தேடும்போது அது கண்ணில் படாமலே போய்விடும். இந்தத் திருத்த வேலைக்கு யார் காசு கொடுப்பது என்று அக்கா கேட்டபோது, வந்தவரிடம் தெளிவான பதில் இருக்கவில்லை. "அது பிறகு பார்ப்பம்" என்றாராம்.

அப்படியானால் வட்ஸ்அப் மட்டும் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வட்ஸ்அப் பிஸ்னஸ் இலவசம். அதில் பொருட்பட்டியலும் வைக்கலாம். வாங்குவோர் எல்லோரும் அயலவர் என்றால் அதுவே போதும், வேறொன்றும் வேண்டாம் என்பேன். ஆனால் அக்காவின் கடையில் இன்னொரு வகை வாடிக்கையாளர் இருக்கிறார்கள். ஊரில் தனியே இருக்கும் தாய்க்காகக் கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் ஓடர் சொல்லும் பிள்ளைகள். அவர்கள் காசை வங்கியில் போட, அக்கா பொருளை வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பார். ரொரன்ரோவில் இருக்கும் மகள் இந்தக் கடைக்கென்று ஒரு செயலியை இறக்குவாரா? மாட்டார். ஆனால் ஒரு முகவரியைத் தொட்டுப் பார்ப்பார், தன் சகோதரிக்கும் அனுப்புவார். இதனாலேதான் பக்கம் என்று முடிவானது.

கணினி படித்த உறவுக்காரத் தம்பி ஒருவர் செய்து கொடுத்தார். பெயர்ப் பதிவுக்கும் பக்கத்தை வைத்திருக்கும் இடத்துக்குமாக அக்காவுக்கு வருடத்துக்கு 9,000 ரூபா வரை செல்கிறது. ஒரே ஒரு பக்கம். 11 பொருட்கள், எடை, விலை, எந்த நாளில் அரைப்பது என்ற விபரம். முன்பெல்லாம் "பிள்ளை, தூள் அரைச்சாச்சோ?" என்று கேட்டே பாதி அழைப்புகள் வரும், அரைக்கும் ஆலையின் சத்தத்தில் அக்காவுக்கு அது கேட்பதும் இல்லை. விலையை மாற்றுவதற்குக் கடவுச்சொல்லோடு ஓர் உள்பக்கம் உண்டு, அதை அவர் தன் போனிலிருந்தே மாற்றுகிறார். செத்தல் மிளகாயின் விலை அடிக்கடி ஏறி இறங்குவதால் தூளுக்கு மட்டும் விலை போடாமல் "கேட்டறியவும்" என்று விட்டிருக்கிறார். பழைய விலை பக்கத்தில் கிடந்து வாக்குவாதம் வருவதை விட அது நல்லது.

பக்கத்தின் அடியில் இரண்டு பட்டன்கள். ஒன்றைத் தொட்டால் அழைப்புப் போகும், மற்றதைத் தொட்டால் அக்காவின் வட்ஸ்அப் திறக்கும். அவற்றின் பின்னால் இருப்பது இவ்வளவுதான்:

```
tel:+947XXXXXXXX
https://wa.me/947XXXXXXXX
```

இலக்கத்தின் முன்னால் உள்ள 0 நீக்கி 94 சேர்க்க வேண்டும். இரண்டாவது வரியில் கூட்டல் குறி போடக் கூடாது. ஓடர், பேச்சு, காசு விடயம் எல்லாம் வழக்கம்போல வட்ஸ்அப்பிலேயே நடக்கின்றன. பக்கம் ஒரு விலைப்பலகை மாத்திரமே.

முதல் தடவை செய்த பக்கத்தில் இரண்டு குறைகள் இருந்தன. எமது ஆட்களுக்கு அடிக்கடி நேர்பவை என்பதால் விரிவாகச் சொல்கிறேன். தம்பி, அச்சகத்தில் அடித்த பழைய துண்டுப்பிரசுரத்தின் எழுத்தை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார். அது பாமினி எழுத்துருவில் அடித்தது. அவரது கணினியில் அழகாகத் தெரிந்தது, வாடிக்கையாளரின் போனில் "மிளகாய்" என்பது `kpsfha;` என்று வந்தது. பாமினி எழுத்துரு இல்லாத போனில் அது வெறும் ஆங்கில எழுத்துத்தான். யுனிகோட்டில் அடித்த தமிழ்தான் எல்லாப் போனிலும் தெரியும். கண்டுபிடிப்பது இலகு: பக்கத்தில் ஒரு சொல்லைப் பிரதி செய்து வட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் சரி.

மற்றது படங்கள். போனில் எடுத்தபடியே ஒவ்வொன்றும் 3 மெகாபைட் அளவில் 11 படங்கள். பக்கம் திறக்க முன்னரே வாடிக்கையாளரின் டேட்டா 33 மெகாபைட் போய்விடும். படங்களை 80 கிலோபைட் அளவுக்குச் சுருக்கிய பின் மொத்தமும் ஒரு மெகாபைட்டுக்குள் வந்தது. இதைச் சோதிக்க நல்ல போனும் வைஃபையும் உதவாது. ஊரில் சிக்னல் குறைந்த இடத்தில், மலிவான போனில், டேட்டாவில் திறந்து பாருங்கள். பத்துச் செக்கனுக்குள் விலை தெரியாவிட்டால் பார்ப்பவர் மூடிவிடுவார். எழுத்துச் சிறுத்து, விரலால் பெருப்பித்துத்தான் வாசிக்க வேண்டியிருந்தால், செய்தவரிடம் இந்த வரி சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள்:

```
<meta name="viewport" content="width=device-width, initial-scale=1">
```

தனியே குடும்பம் நடத்தும் பெண்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பக்கத்தில் போடும் தொலைபேசி இலக்கத்தை உலகில் எவரும் பார்க்கலாம். அக்கா கடைக்கென்று வேறு சிம் ஒன்று எடுத்து, இரவு எட்டு மணிக்குப் பின் அந்தப் போனை நிறுத்திவிடுகிறார். வீடும் கடையும் ஒரே வளவில் இருப்பதால் வரைபடத்தில் இடத்தைக் குறிக்கவில்லை, சந்தியின் பெயரை மாத்திரம் போட்டிருக்கிறார். தனது படமும் பிள்ளைகளின் படமும் இல்லை. கடன் கணக்கு கொப்பியிலேயே இருக்கிறது, பக்கத்தின் கிட்டவும் வராது.

செயலியைப் போல முகப்பில் ஒரு சின்னப் படம் வேண்டும் என்று ஆசைப்படுபவருக்கு அதுவும் முடியும். அன்ட்ரொயிட் போனில் குரோமில் பக்கத்தைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, `Add to Home screen` என்பதைத் தெரிவு செய்தால் கடையின் படம் போன் முகப்பில் வந்து நிற்கும். அக்கா கடைக்கு வருபவர்களின் போனை வாங்கித் தானே செய்து கொடுக்கிறார். இப்போது 64 பேரில் முப்பதுக்குக் கிட்ட பக்கத்தைப் பார்த்து ஓடர் போடுகிறார்கள். பட்டன் போன்காரர் முன்போலவே அழைக்கிறார்கள், வயதான ஆச்சிமார் நேரில்தான் வருகிறார்கள்.

செயலி எவருக்குமே உதவாது என்று நான் சொல்லவில்லை. வாடிக்கையாளர் நாள்தோறும் திறக்க வேண்டிய தேவை இருந்து, சிக்னல் இல்லாத நேரத்திலும் அது வேலை செய்ய வேண்டும் என்று இருந்து, பராமரிக்க ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுக்கவும் முடிந்தால் அது பொருந்தும். ஒரு பட்டினத்தில் பல கடைகளுக்குச் சேர்த்து வீட்டு விநியோகம் செய்யும் கூட்டுறவு ஒன்றுக்கு அது சரிவரலாம்.

பக்கம் செய்யக் கொடுப்பவர்கள் காசைக் கையில் வைக்க முன் ஒன்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: இணையப் பெயர் யாருடைய பெயரில், யாருடைய மின்னஞ்சலில் பதிவாகிறது? செய்பவரின் பெயரில் பதிந்தால், அவர் வெளிநாடு போன பின் உங்கள் கடையின் முகவரியைப் புதுப்பிக்க உங்களால் முடியாது. இலவசமாகத் தரும் பக்கங்களுக்கும் உத்தரவாதமில்லை. கடைகளுக்கு இலவசமாகக் கொடுத்து வந்த சிறு இணையத்தளங்களைக் கூகுளே 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டது. அக்காவின் பெயர் அவரது சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது. கடவுச்சொல்லும் வருடாந்தப் புதுப்பிப்புத் திகதியும் கடன் கொப்பியின் கடைசித் தாளில் எழுதி, உறைக்குள் வைத்து ஒட்டப்பட்டுள்ளன.