ஒரே குழம்பு, இரண்டு தட்டு

அம்மாவுக்கு எடை குறைய வேண்டும். ஜிம்முக்குப் போகும் மகனுக்கு எடை கூட வேண்டும். இப்படி ஒரு வீட்டில் முதல் வாரம் இரண்டு சமையல் நடக்கும். அம்மாவுக்கு ஓட்ஸ் கஞ்சி, மகனுக்குச் சாதமும் கோழியும். சமைப்பவருக்கு அலுத்துப்போனதும் பழையபடி எல்லோருக்கும் ஒரே அளவு சாதம் என்றாகிவிடும். அம்மாவின் எடை குறையாது, மகனின் எடை ஏறாது.

இரண்டு சமையல் தேவையே இல்லை. நம் மதியச் சாப்பாட்டில் சாதம் தனி, குழம்பு தனி, பொரியல் தனி, தயிர் தனி. ஒவ்வொன்றையும் ஆளுக்கு ஏற்ற அளவில் பரிமாறலாம். அதற்கு ஒரு விதி போதும்: எடை குறைக்க வேண்டியவரை மனதில் வைத்துச் சமைக்க வேண்டும், எடை கூட வேண்டியவருக்குத் தட்டில் சேர்க்க வேண்டும். குழம்பில் ஊற்றிய எண்ணெயைத் திரும்ப எடுக்க முடியாது. தட்டில் நெய் விடுவதற்கு ஒரு நொடி போதும்.

அடுப்பில் செய்ய வேண்டியது

சாம்பார், பீன்ஸ் பொரியல், அவித்த முட்டை, தயிர் என்று ஒரு சாதாரண மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொள்வோம். அம்மாவின் எடை 68 கிலோ, மகனின் எடை 56 கிலோ.

முதல் மாற்றம் பருப்பில். இருவருக்கான சாம்பாருக்கு 100 கிராம் துவரம்பருப்பு போடுங்கள். பல வீடுகளில் இதில் பாதிதான் போடுகிறோம். 100 கிராம் பருப்பில் சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது. முருங்கைக்காய், கத்தரிக்காய், சின்ன வெங்காயம் தாராளமாகப் போட்டு, ஒரு டீஸ்பூன் எண்ணெயில் தாளித்தால், நாலு பெரிய கரண்டி கெட்டிச் சாம்பார் கிடைக்கும். கரண்டிக்குச் சுமார் 110 கலோரி, ஐந்தரை கிராம் புரதம்.

கெட்டிச் சாம்பார் இருவருக்குமே வேண்டும். மகனுக்குத் தசை வளரப் புரதம் தேவை என்பது தெரிந்த செய்தி. அம்மாவுக்கும் அது தேவை என்பது பலருக்குத் தெரிவதில்லை. சாப்பாட்டைக் குறைக்கும்போது உடல் கொழுப்போடு சேர்த்துத் தசையையும் கரைக்கும். போதுமான புரதம் அந்த இழப்பைக் குறைக்கும், பசியையும் தாங்க வைக்கும். ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்குத் தினமும் 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. அந்தக் கணக்கில் அம்மாவுக்கு நாளுக்கு 56 கிராம். எடைப் பயிற்சி செய்யும் மகன் கிலோவுக்கு 1.6 கிராம் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 90 கிராம்.

பொரியலை இரண்டு டீஸ்பூன் எண்ணெயில் நிறையச் செய்யுங்கள். அம்மாவின் பங்கை எடுத்து வைத்த பிறகு, மீதியில் தேங்காய்த் துருவல் சேர்க்கலாம். கூடவே நாலு முட்டை அவித்துக்கொண்டால் சமையல் முடிந்தது.

தட்டில் செய்ய வேண்டியது

அம்மாவின் தட்டில் ஒரு கரண்டி சாதம், அதாவது சுமார் 100 கிராம். இரண்டு கரண்டி சாம்பார், பொரியலில் மூன்றில் இரண்டு பங்கு, ஒரு முட்டை, கடைசியில் ஒரு டம்ளர் மோர். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 575 கலோரி, 24 கிராம் புரதம்.

மகனுக்கும் அதே இரண்டு கரண்டி சாம்பார்தான். சாதம் மூன்று கரண்டி, மேலே ஒரு டீஸ்பூன் நெய், மீதிப் பொரியல், மூன்று முட்டை, மோருக்குப் பதிலாக ஒரு கப் கெட்டித் தயிர். மொத்தம் சுமார் 1030 கலோரி, 43 கிராம் புரதம்.

இரண்டு தட்டுக்கும் இடையே 450 கலோரிக்கு மேல் வித்தியாசம். அதில் பாதிக்கு மேல், அதாவது 260 கலோரி, கூடுதலான இரண்டு கரண்டி சாதத்தில் வருகிறது. மீதி முட்டையிலும் தயிரிலும் நெய்யிலும் வருகிறது. குழம்பு இருவருக்கும் ஒன்றேதான்.

முட்டை சேராத வீட்டில் அந்த இடத்துக்குக் கொண்டைக்கடலைச் சுண்டலோ மீல் மேக்கரோ வரலாம். 30 கிராம் உலர்ந்த மீல் மேக்கரில் சுமார் 15 கிராம் புரதம் உண்டு, கலோரி 100 அளவில்தான். ஊறவைத்துப் பிழிந்து, பொரியலோடு வதக்கிவிடலாம்.

எங்கே தவறும்?

அம்மாவின் பக்கம் அடிக்கடி நடக்கும் தவறு, சாதத்தை மட்டும் குறைத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விடுவது. சாம்பாரும் நீர்த்திருந்தால் நாலு மணிக்குள் பசி எடுக்கும். கை பிஸ்கட்டுக்கும் முறுக்குக்கும் போகும், மதியம் மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கே திரும்பி வந்துவிடும். தினமும் நாலு மணிக்கே பசித்தால் சாதத்தைக் கூட்டாமல், இன்னொரு முட்டையோ அரைக் கப் சுண்டலோ சேர்த்துப் பாருங்கள்.

மகனின் பக்கம் இதற்கு நேர்மாறு. காயையும் மோரையும் முதலில் நிறைய எடுத்தால், மூன்றாவது கரண்டி சாதத்துக்கு வயிற்றில் இடம் இருக்காது. அதனால்தான் அவனுக்குப் பொரியல் குறைவு, மோருக்குப் பதில் தயிர். முட்டையும் சாதமும் முதலில் உள்ளே போகட்டும்.

எல்லாச் சாப்பாட்டையும் இப்படிப் பிரிக்க முடியாது. பிரியாணியிலும் எலுமிச்சை சாதத்திலும் அரிசியும் எண்ணெயும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. அந்த நாள்களில் அம்மாவுக்கு அளவைப் பாதியாக்கி, கறித்துண்டு, அவித்த முட்டை, வெங்காயத் தயிர்ப் பச்சடி ஆகியவற்றால் தட்டை நிரப்ப வேண்டும். வற்றல் குழம்பு வைக்கும் நாளில் வேறு சிக்கல்: குழம்பில் எண்ணெய் உண்டு, பருப்பு இல்லை. அன்றைக்கு இருவருக்கும் முட்டையோ சுண்டலோ கட்டாயம் வேண்டும். தோசைக்கு எண்ணெயைத் தனித்தனியாகத்தான் விடுகிறோம் என்பதால் அங்கே பிரிப்பது சுலபம்.

கரண்டியை மாற்றாதீர்கள். உங்கள் வீட்டுக் கரண்டி எத்தனை கிராம் சாதம் பிடிக்கிறது என்று ஒருமுறை தராசில் நிறுத்துக்கொண்டால், பிறகு தினமும் நிறுக்க வேண்டியதில்லை.

பலன் தெரிகிறதா என்பதை ஒரு நாள் எடையை வைத்து முடிவு செய்யக் கூடாது. உப்பும் தண்ணீருமே எடையை ஒரு கிலோ வரை ஏற்றி இறக்கும். காலையில் வெறும் வயிற்றில் வாரத்தில் சில நாள் எடை பார்த்து, அவற்றின் சராசரியைக் கவனியுங்கள். அம்மாவுக்கு வாரம் அரைக் கிலோ வரை குறைவதும், மகனுக்கு வாரம் கால் கிலோ அளவில் கூடுவதும் நல்ல வேகம். மூன்று வாரமாக அசைவே இல்லையென்றால், சாதத்தில் மட்டும் ஒரு கரண்டியை மாற்றுங்கள். மகனுக்கு மதியமே ஒரு கரண்டி கூட்டலாம். அம்மாவுக்கு மதியம் இருப்பதே ஒரு கரண்டி என்பதால் இரவுச் சாப்பாட்டில் குறைக்கலாம்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சாதத்தைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மருந்தின் அளவு மாறாமல் சாதம் மட்டும் குறைந்தால் சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடலாம். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மருத்துவர் சொல்லாமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.