உங்களுக்குத் தெரியுமா? கடைக்காரருக்கு முதலில், வங்கிக்குப் பிறகு!

பழக்கடையில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து 60 ரூபாய் அனுப்புகிறீர்கள். அதில் இருப்பது kadai@vangi போன்ற ஒரு யுபிஐ முகவரிதான். கணக்கு எண் இல்லை. '@'க்குப் பின்னால் வரும் பகுதி, எந்த வங்கியிடம் விசாரிக்க வேண்டும் என்று சொல்கிறது. தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகத்தின் (என்பிசிஐ) மையக் கணினி அந்த வங்கியைக் கேட்டு, முகவரிக்குரிய கணக்கை அறிகிறது. உங்கள் பின் எண்ணைச் சரிபார்ப்பது உங்கள் வங்கி. அது 60 ரூபாயைக் கழித்ததும், கடைக்காரரின் வங்கிக்கு வரவு வைக்கச் சொல்லி உத்தரவு போகிறது. எல்லாம் சில நொடிகளில்.

ஆனால் இரு வங்கிகளுக்கு இடையே அந்த நொடியில் பணம் கைமாறுவதில்லை! கடைக்காரரின் வங்கி, பணம் வரும் என்ற உறுதியில் முன்கூட்டியே வரவு வைக்கிறது. நாளில் பலமுறை என்பிசிஐ கணக்கைக் கூட்டிக் கழிக்கும். உங்கள் வங்கி 5 கோடி தரவேண்டும், கடைக்காரரின் வங்கி 4.8 கோடி தரவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கியில் இரு வங்கிகளுக்கும் உள்ள கணக்குகளுக்கிடையே மாறுவது மீதி 20 லட்சம் மட்டுமே.

தனிநபருக்கு அனுப்பிய பணம் உங்கள் கணக்கில் கழிந்து, அவருக்குப் போய்ச் சேரவில்லையா? மறுநாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும்; தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கியின் 2019 விதி. புகாருக்கு 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.