ஐந்தரை மணி நேரப் பிழை

சென்னையில் மாலை 6.30 மணிக் கச்சேரியை ஒரு செயலி பகல் 1 மணி என்று காட்டுகிறது. இன்னொரு செயலியில் அதே கச்சேரி நள்ளிரவு 12 மணிக்கு, மறுநாள் தேதியில் போய் உட்கார்ந்திருக்கிறது. இரண்டிலும் பிழை சரியாக ஐந்தரை மணி நேரம். இந்த அளவை வைத்தே தவறு எங்கே நடந்தது என்று ஊகித்துவிடலாம்.

நிகழ்ச்சி நேரங்களைச் சேமிக்கும்போது யூடிசி என்னும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றி வைப்பது வழக்கம். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. ஆகவே நம் கச்சேரி இப்படிப் பதிவாக வேண்டும்:

```
2025-01-10T13:00:00Z
```

கடைசியில் உள்ள Z, இது யூடிசி நேரம் என்பதற்கான அடையாளம். திரையில் காட்டும்போது ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் மாலை 6.30 வரும். கூட்ட மறந்தால் பகல் 1 மணிதான் தெரியும். பதியும்போதே கழிக்க மறந்து 18:30 என்று வைத்துவிட்டால், காட்டும்போது கூட்டியதும் நள்ளிரவாகிவிடும். அதனால் திரையைத் திருத்துமுன் தரவுத்தளத்தைத் திறந்து, உள்ளே இருப்பது 13:00 தானா என்று பார்க்க வேண்டும். உள்ளே சரியாக இருந்தால் கோளாறு காட்டும் இடத்தில். இல்லையென்றால் பதியும் இடத்தில்.

நிரலில் நேரடியாக ஐந்தரையைக் கூட்டிச் சமாளிப்பவர்கள் உண்டு. இந்தியாவில் கடிகாரத்தை முன்பின் தள்ளும் வழக்கம் இன்று இல்லாததால் அது பலிக்கிறது. லெபனானில் பலிக்காது. அங்கே குளிர்காலத்தில் வித்தியாசம் 2 மணி நேரம், கோடையில் 3 மணி நேரம். 2023 மார்ச் 26 அன்று அங்கே கோடை நேரம் தொடங்கியிருக்க வேண்டும். சில நாள் முன்னதாக, ரமலான் முடியும்வரை மாற்றம் இல்லை என்று அரசு அறிவித்தது. பல நிறுவனங்கள் ஏற்கவில்லை. ஒரே ஊரில் இரண்டு நேரம் ஓடியது. சில நாட்களிலேயே அரசு பின்வாங்கி, மார்ச் 29 நள்ளிரவில் கடிகாரத்தை மாற்றியது.

ஏப்ரல் 5 காலை 10 மணிக்கு பெய்ரூட்டில் ஒரு கூட்டம் என்று வையுங்கள். பழைய விதிப்படி அது யூடிசி 7 மணி. ஒத்திவைப்பு நீடித்திருந்தால் 8 மணி. முன்கூட்டியே யூடிசி 7 என்று மட்டும் எழுதி வைத்திருந்தால், விதி மாறியதும் கூட்டம் 9 மணிக்கு என்று திரை காட்டியிருக்கும்.

நடந்து முடிந்தவற்றுக்கு யூடிசி போதும். வரப்போகும் நிகழ்ச்சிக்கு, அந்த ஊர்க் கடிகார நேரத்தையும் Asia/Beirut, Asia/Kolkata போன்ற மண்டலப் பெயரையும் சேர்த்தே சேமியுங்கள். நேர மண்டலப் பட்டியலையும் அவ்வப்போது புதுப்பியுங்கள். விதி மாறிய செய்தி அதன் வழியாகத்தான் நிரலுக்கு வந்து சேரும்.