புகார் கொடுத்தவர் யார் என்று எப்படித் தெரிந்துவிடுகிறது?

கோவையில் பம்பு தயாரிக்கும் ஓர் ஆலை என்று வைத்துக்கொள்வோம். முந்நூறு பேர் வேலை செய்கிறார்கள். வங்கிக் கடன் 60 கோடி ரூபாய். லேத் பட்டறையில் விழும் இரும்புக் கழிவை வியாபாரிகள் லாரியில் வந்து எடுத்துப்போவார்கள். லாரி காலியாக வரும்போது ஒரு எடை, சரக்கு ஏற்றியபின் இன்னொரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் காசு. ஒரே வியாபாரியின் ஒரே லாரி, ஒரு நாள் 5,400 கிலோ காலி எடை காட்டுகிறது. இன்னொரு நாள் 5,800. காலியாக எடை போடும்போது தண்ணீர் டிரம்களை ஏற்றி வந்தால் இப்படி ஆகும். கிலோ 30 ரூபாய் என்றால் ஒரு நடைக்கு 12,000 ரூபாய் போகிறது. ஸ்டோர்ஸ் கிளார்க் கவனித்துவிட்டார். யாரிடம் சொல்வது? பர்சேஸ் மேனேஜருக்கும் அந்த வியாபாரிக்கும் நல்ல பழக்கம்.

2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 177ஆவது பிரிவு இதற்கு வழி சொல்கிறது. பங்குச்சந்தையில் இருக்கும் கம்பெனிகள், பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கும் கம்பெனிகள், வங்கிகளிடமும் பொது நிதி நிறுவனங்களிடமும் 50 கோடிக்கு மேல் கடன் வாங்கிய கம்பெனிகள் ஆகியவை, ஊழியர்களும் இயக்குநர்களும் முறைகேட்டைத் தெரிவிக்க ஓர் ஏற்பாடு வைத்தே ஆகவேண்டும். தணிக்கைக் குழு இருந்தால் அது மேற்பார்வை பார்க்கும். இல்லாத கம்பெனியில் இயக்குநர் குழு ஒரு இயக்குநரை இதற்கென நியமிக்க வேண்டும். நம் கிளார்க் எழுத வேண்டியது அவருக்குத்தான். தன் மேலாளர் வழியாக அல்ல.

புகாரில் “மேனேஜர் திருடுகிறார்” என்று எழுதினால் வேலை நடக்காது. லாரி எண், தேதி, எடைச்சீட்டு எண், இரண்டு காலி எடைகள் ஆகியவை இருந்தால் போதும். பெயர் போடாத கடிதமானாலும் இவ்வளவு விவரம் இருந்தால் விசாரிக்க முடியும். ஆனால் திருப்பிக் கேள்வி கேட்க வழியிருக்காது. அதனால் சில கம்பெனிகள் வெளி ஏஜென்சி மூலம் குறியீட்டு எண் கொடுத்து, பெயர் தெரியாமலே பேச்சைத் தொடர்கின்றன. இன்கிரிமென்ட் குறை, லீவு தகராறு எல்லாம் எச்.ஆர். வேலை. பாலியல் தொல்லைப் புகாருக்குத் தனிச் சட்டமும் உள்ளகக் குழுவும் உண்டு.

பெரும்பாலான கொள்கைகள் கோட்டைவிடுவது இதற்குப் பிறகுதான். பெயரை ரகசியமாக வைப்போம் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். ஆனால் விசாரிப்பவர் நேராக ஸ்டோர்ஸுக்குப் போய் அந்த மூன்று சீட்டுகளை மட்டும் கேட்டால், மாலை டீக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அந்தச் சீட்டுகளைக் கையாள்பவர்கள் இரண்டே பேர். புகாரில் உள்ள விவரமே பெயரைச் சொல்லிவிடுகிறது.

விவரம் தெரிந்த விசாரணையாளர் வேறு மாதிரி போவார். முதல் நாளே எடைமேடைக் கணினியின் தரவையும் சிசிடிவி பதிவையும் நகலெடுத்து வைப்பார். பல இடங்களில் கேமரா பதிவு சில வாரங்களில் அழிந்துவிடும். பிறகு வழக்கமான உள்தணிக்கையின் பகுதியாக, எல்லா வியாபாரிகளின் ஓராண்டு எடைகளையும் கேட்பார். ஒவ்வொரு லாரியின் காலி எடையையும் வரிசையாக அடுக்கினால் மற்றவர்களின் லாரிகளில் சிறிதளவுதான் முன்பின் இருக்கும். டீசல் அளவுக்கேற்ப அப்படி மாறுவது இயல்பு. ஒருவருடையது மட்டும் 400 கிலோ துள்ளும். இப்போது குற்றச்சாட்டு நிற்பது தரவின் மேல். கிளார்க்கின் வாய்ச்சொல் தேவையே இல்லை. மேனேஜரிடம் விளக்கம் கேட்கும்போது அவர் முன் வைக்க வேண்டியதும் இந்த அட்டவணைதான், புகார்க் கடிதம் அல்ல. பதில் சொல்ல அவருக்கு முழு வாய்ப்பு தர வேண்டும். எடைமேடையே பழுதாக இருந்திருக்கலாம். ஆனால் அப்படியானால் எல்லா லாரியிலும் கோளாறு தெரிந்திருக்கும்.

பழிவாங்கல் பெரும்பாலும் உடனே வராது. ஆறு மாதம் கழித்து வேறு யூனிட்டுக்கு மாற்றல், மதிப்பீட்டில் ஒரு படி குறைவு என்று வரும். கிளார்க்கின் பழைய மதிப்பீட்டை அன்றே எடுத்து வைத்து, ஓரிரு ஆண்டுகளுக்கு அவரைப் பற்றிய மாற்றல், தண்டனை முடிவுகள் அந்த இயக்குநரின் ஒப்புதலின்றி நடக்காது என்று கொள்கையில் எழுதுவதுதான் உருப்படியான பாதுகாப்பு. சட்டம் தக்க பாதுகாப்பு வேண்டும் என்கிறதே தவிர, எப்படி என்று விரித்துச் சொல்லவில்லை. 2014இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய விசில்புளோயர் பாதுகாப்புச் சட்டமோ அரசு ஊழியர்கள் மீதான புகார்களுக்கானது. தனியார் ஊழியருக்கு அது உதவாது.

பொய்ப்புகார் பயம் முதலாளிகளுக்கு எப்போதும் உண்டு. திரும்பத் திரும்ப அற்பப் புகார் கொடுப்பவர் மீது நடவடிக்கை எடுக்க விதி இடம் தருகிறது. நம்பிக் கொடுத்த புகார் நிரூபணமாகாமல் போவது வேறு விஷயம். அதற்குத் தண்டனை கொடுத்தால் அடுத்தவர் எழுதமாட்டார்.

நியமிக்கப்பட்ட இயக்குநரே பர்சேஸ் மேனேஜரின் மைத்துனராக இருந்தால்? குடும்பக் கம்பெனிகளில் இது நடக்கக்கூடியதுதான். தணிக்கைக் குழுவில் தொடர்புடைய உறுப்பினர் விலகிக்கொள்ள வேண்டும் என்கிறது விதி. ஒற்றை இயக்குநர் உள்ள இடத்தில் விலகினால் யாரிடம் போகும் என்பதைக் கொள்கையே முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். இன்னொரு பிடியும் உண்டு. 2020ஆம் ஆண்டு தணிக்கை அறிக்கை ஆணைப்படி, அந்த ஆண்டில் வந்த இத்தகைய புகார்களைக் கருத்தில் கொண்டாரா என்று வெளித்தணிக்கையாளர் தன் அறிக்கையில் எழுத வேண்டும். ஆகவே புகார்ப் பதிவேட்டை அவர் கேட்பார். அதில் கிளார்க்கின் கடிதம் வந்த தேதியோடு பதிவாகியிருந்தால், மைத்துனரால் அதை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவைக்க முடியாது.