பள்ளி ஆட்டக்காரருக்கு எந்த மட்டை?

கிரிக்கெட் மட்டை வாங்கும்போது மரத்தை முடிவு செய்வது பந்துதான். டென்னிஸ் பந்தில் ஆடும் பிள்ளைக்கு விலை கூடிய மரம் எதுவும் தேவையில்லை. கார்க் பந்தில் ஆடுபவருக்கு விலை கூடிய மரம் வாங்குவது பணத்தைப் பாழாக்குவது, ஏனென்றால் கார்க் பந்தின் கடினம் மென்மையான மரத்தில் வெடிப்பை உண்டாக்கிவிடும். பள்ளி அணியிலோ லீக்கிலோ தோல் உறை தைத்த பந்தை, அதாவது நம் ஊர்ப் பிள்ளைகள் ‘ஸ்டிச் பால்’ என்று சொல்வதை, எதிர்கொள்ளத் தொடங்கிய பிறகுதான் எந்த வில்லோ, எந்த கிரேடு என்ற கேள்வியே எழுகிறது.

இந்தியக் கடைகளில் கிடைக்கும் மட்டைகள் இரண்டு வகை வில்லோ மரத்தில் செய்யப்படுகின்றன. ஒன்று இங்கிலீஷ் வில்லோ, மற்றொன்று காஷ்மீர் வில்லோ. காஷ்மீர் மரம் அங்கேயே, பெரும்பாலும் அனந்தநாக் மாவட்டத்துப் பட்டறைகளில், மட்டையாகிறது. இங்கிலீஷ் வில்லோ பிளந்த கட்டைகளாக இங்கிலாந்திலிருந்து இறக்குமதியாகி, மீரட்டிலும் ஜலந்தரிலும் மட்டையாகச் செதுக்கப்படுகிறது. ஆகவே ‘இங்கிலீஷ் வில்லோ’ என்பது மரம் வளர்ந்த நாட்டைச் சொல்கிறதே தவிர, மட்டை செய்த நாட்டைச் சொல்வதில்லை.

இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு அடர்த்தி. காஷ்மீர் மரம் அடர்ந்தது. அதனால் ஒரே அளவில் செதுக்கினாலும் கனம் கூடும், பந்து பட்டுத் தெறிக்கும் வேகம் குறையும். இங்கிலீஷ் வில்லோவின் இழைகள் மென்மையானவை. பந்து படும்போது சற்றே அமுங்கி உடனே மீள்வதால் பந்து எளிதாக ஓடுகிறது. பந்து நடுவில் படாமல் சற்று விலகிப் பட்டாலும் கைக்கு அதிர்வு குறைவாக வரும். அந்த மென்மைக்குக் கொடுக்கும் விலை ஆயுள். சரியாகப் பதப்படுத்தாமல் ஆடினால் இங்கிலீஷ் வில்லோ சீக்கிரம் வெடிக்கும். காஷ்மீர் வில்லோ முரட்டுத்தனத்தைக் கொஞ்சம் தாங்கும்.

மரம் முடிவானதும் அடுத்துப் பார்க்க வேண்டியது அளவும் எடையும். கிரேடைவிட இவை முக்கியம். பிள்ளைகளுக்கான மட்டைகள் 1 முதல் 6 வரை எண்ணிடப்பட்டு, அதன்பின் ‘ஹாரோ’, பிறகு பெரியவர்களுக்கான ‘ஷார்ட் ஹேண்டில்’ என்று போகின்றன. உயரம் 4 அடி 11 அங்குலத்திலிருந்து 5 அடி 2 அங்குலம் வரை என்றால் 5ஆம் எண், 5 அடி 5 அங்குலம் வரை 6ஆம் எண், அதற்குமேல் இரண்டு மூன்று அங்குலம் வரை ஹாரோ என்பது பொதுவான கணக்கு. நிறுவனத்துக்கு நிறுவனம் சிறிது மாறும் என்பதால் கடையில் நிறுத்திப் பார்ப்பதே சரி. பிள்ளை பேட்டிங் நிலையில் நிற்க, மட்டையின் நுனி பின்காலின் விரல்களுக்கு அருகே தரையைத் தொட வேண்டும். அப்போது பிடியின் உச்சி தொடையின் மேற்பகுதிக்கு வந்து நின்றால் அளவு பொருந்துகிறது. பிடி வயிற்றை இடித்தால் மட்டை நீளம். ‘அடுத்த வருஷமும் ஆடட்டும்’ என்று ஓர் அளவு கூட்டி வாங்கும் பழக்கத்தால் கெடுவது பிள்ளையின் ஆட்டம். நீள மட்டையை ஒதுக்கிப் பிடிப்பதற்காகவே கைகள் உடலை விட்டு விலகும். நேராக வர வேண்டிய மட்டை மிட்விக்கெட் பக்கம் குறுக்கே வரும்.

எடையின் கதையும் இதுதான். பெரியவர்களின் மட்டை பெரும்பாலும் 1,130 முதல் 1,250 கிராம் வரை இருக்கும். சச்சின் டெண்டுல்கர் மூன்று பவுண்டைத் தாண்டிய, அதாவது 1,360 கிராமுக்கு மேற்பட்ட மட்டையில் ஆடியவர். அது அவருடைய மணிக்கட்டுக்குப் பொருந்தியது. பதின்மூன்று வயதுப் பிள்ளை அதைப் பின்பற்றக் கூடாது. 5ஆம் எண்ணுக்கு 900 முதல் 1,000 கிராம், 6ஆம் எண்ணுக்கு 1,000 கிராமை ஒட்டி, ஹாரோவுக்கு 1,100 கிராம் வரை என்று தேடலாம். கடைக்காரரிடம் எடைக்கருவி இருக்கும். ஸ்டிக்கரில் எழுதியிருப்பதை நம்பாமல் நிறுத்துக் காட்டச் சொல்ல வேண்டும்.

ஆனால் தராசு சொல்லும் எடை வேறு, கை உணரும் எடை வேறு. ஒரே 1,050 கிராமில் உள்ள இரண்டு மட்டைகளில் ஒன்று இலேசாகத் தூக்கும், மற்றொன்று நுனியை நோக்கி இழுக்கும். மரத்தின் பெருத்த பகுதி எங்கே அமைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது இது. இந்தத் தூக்கும் உணர்வை ஆட்டக்காரர்கள் ‘பிக்கப்’ என்பார்கள். சோதிக்க எளிய வழி உண்டு. வலக்கை ஆட்டக்காரர் இடது கையால் மட்டும் பிடியின் உச்சியைப் பிடித்து, மட்டையைப் பின்னே தூக்கித் தரைக்கு இணையாகப் பத்து விநாடி நிறுத்த வேண்டும். பிறகு அதே ஒற்றைக் கையால் நேர் டிரைவ் ஒன்றை ஆடிக் காட்ட வேண்டும். மணிக்கட்டு தளர்ந்து நுனி சாய்ந்தாலோ, மட்டை நேர்க்கோட்டை விட்டு விலகினாலோ அது கனம். கனமான மட்டையைப் பிடித்த பிள்ளை கீழ்க்கையை நம்பத் தொடங்கும். வேகப்பந்து வந்துசேரும்போது மட்டை தாமதமாக இறங்கும். கட், புல் ஆடவே தயங்கும்.

இப்போது கிரேடு. வில்லோ மரத்தில் ஆண்டுக்கு ஒரு கோடு விழும். மட்டையின் முகத்தில் நெடுக ஓடும் அந்தக் கோடுகளே ‘கிரெயின்’. கோடுகள் நேராக, சீராக, ஆறு முதல் பன்னிரண்டு வரை இருந்து, முகம் வெளுத்துக் கறையின்றி இருந்தால் கிரேடு 1. ஒரு பக்கம் சிவந்த மரம் கொஞ்சம் தெரிந்தாலோ, பொடிக் கணுப்புள்ளிகள் இருந்தாலோ கிரேடு 2, 3. பட்டாம்பூச்சிச் சிறகுபோல இருபுறமும் விரியும் பழுப்புக் கறை இருந்தால் கிரேடு 4. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: இவை எல்லாம் கண்ணால் பார்த்துச் சொல்லும் தரம். பந்து எப்படித் தெறிக்கும் என்று யாரும் அளந்து கிரேடு போடுவதில்லை. எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுகோலும் இல்லை. ஒருவரின் கிரேடு 2 இன்னொருவரிடம் கிரேடு 1 ஆகிவிடும். ‘பிளேயர்ஸ்’, ‘ரிசர்வ்’, ‘லிமிடெட்’ போன்ற அடைமொழிகள் கிரேடைக் குறிப்பவையே அல்ல.

பந்து தெறிக்கும் விதத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, பட்டறையில் அந்தக் கட்டையை உருளைகளுக்கு இடையே விட்டு எவ்வளவு அழுத்தினார்கள் என்பது. கொஞ்சமாக அழுத்தினால் துள்ளல் நன்றாக இருக்கும், மேற்பரப்பு விரைவில் சிதையும். மிகையாக அழுத்தினால் மட்டை உழைக்கும், பந்து ஓடாது. ஒரே கிரேடில் நான்கு மட்டைகளை வரிசையாக வைத்து மரச்சுத்தியலால் நடுவில் தட்டினால் இது காதுக்கும் கைக்கும் தெரியும். நல்ல மட்டையில் சுத்தியல் தானாக எழும்பும். மந்தமானதில் ‘தொப்’பென்று அமுங்கும். இந்தச் சோதனையில் கறை படிந்த கிரேடு 4 மட்டை, வெளுத்த கிரேடு 1 மட்டையை வென்றுவிடுவது உண்டு. பட்டாம்பூச்சிக் கறையால் துள்ளல் குறைவதில்லை. கோடுகளின் எண்ணிக்கையிலும் மயங்க வேண்டாம்: நெருக்கமான கோடுகள் உள்ள மட்டை சீக்கிரம் பதமாகும், ஆனால் ஆயுள் குறையும்; ஆறு ஏழு கோடுகள் உள்ளது பதமாக நாளாகும், பிறகு நெடுநாள் நிற்கும். உண்மையில் அஞ்ச வேண்டியது விளிம்பிலோ நுனியிலோ உள்ள கணுவுக்குத்தான். வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும்.

விலை நிறுவனத்துக்கும் ஊருக்கும் ஏற்ப மாறும். ஏறத்தாழச் சொன்னால் நல்ல காஷ்மீர் வில்லோ 1,500 முதல் 3,000 ரூபாய், பிள்ளைகளின் அளவில் இங்கிலீஷ் வில்லோ கீழ் கிரேடுகள் 5,000 ரூபாயை ஒட்டித் தொடங்கும், பெரியவர்களின் கிரேடு 1 இருபதாயிரத்தைத் தாண்டும். கூடுதல் பணம் பெரும்பாலும் தோற்றத்துக்குப் போகிறது. வளரும் பிள்ளைக்கு ஓர் அளவு மட்டை ஓரிரு ஆண்டுகள்தான் பொருந்தும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், உயர்ந்த கிரேடுக்குச் செலவழிக்கும் காரணம் மேலும் குறைகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எட்டாம் வகுப்பு மாணவி. உயரம் 5 அடி 3 அங்குலம். பள்ளி அணியில் மேட்டிங் ஆடுகளத்தில் வாரம் நான்கு நாள் ஸ்டிச் பாலில் பயிற்சி. கையில் 7,000 ரூபாய். கடையில் மூன்று மட்டைகள் எடுத்து வைக்கப்படுகின்றன. முதலாவது காஷ்மீர் வில்லோ, 6ஆம் எண், 1,120 கிராம், 2,200 ரூபாய். இரண்டாவது இங்கிலீஷ் வில்லோ கிரேடு 4, 6ஆம் எண், 1,020 கிராம், 5,500 ரூபாய். முகத்தில் பெரிய பழுப்புக் கறை. மூன்றாவது கிரேடு 2, ஹாரோ, 1,150 கிராம், ‘தள்ளுபடி போக’ 8,500 ரூபாய். ஒற்றைக் கைச் சோதனையில் முதலாவதும் மூன்றாவதும் அவளது மணிக்கட்டைச் சாய்க்கின்றன. மூன்றாவதன் பிடி வயிற்றைத் தொடுகிறது. எடுக்க வேண்டியது இரண்டாவது. மீதமுள்ள 1,500 ரூபாயில் முகத்துக்கு ஒட்டும் பாதுகாப்புத் தாள், நுனிக்கு ரப்பர் காப்பு, பதப்படுத்தும் கூலி ஆகியவை அடங்கிவிடும். பிடிக்கு இரண்டாவது ரப்பர் கிரிப் மாட்டினால் மட்டும் ஏறத்தாழ 50 கிராம் கூடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். இதே மாணவி வாரம் ஒரு நாள் மட்டும் ஆடுபவளாக இருந்தால், 1,050 கிராமுக்குள் கிடைக்கும் காஷ்மீர் வில்லோவே போதும்.

ஏமாற்றும் நடக்கும் இடம் இது. காஷ்மீர் மட்டையில் இங்கிலீஷ் வில்லோ ஸ்டிக்கர் ஒட்டியும், கறையை வெளுப்பூட்டி மறைத்தும் விற்பதுண்டு. முகம் முழுக்க ஃபைபர் தாள் ஒட்டிய மட்டையில் கோடுகளே தெரியாது. அதைக் கிரேடு சொல்லி விற்றால் வாங்கக் கூடாது. காஷ்மீர் மரம் சற்றுப் பழுப்பேறி, கோடுகள் மங்கலாகத் தெரியும். அளவுக்கு மிஞ்சிய கனமும் காட்டிக்கொடுக்கும். 2,500 ரூபாய்க்குப் புது இங்கிலீஷ் வில்லோ என்றால் சந்தேகப்படுவதே முறை. பிடியும் முகமும் சேரும் வி-வடிவ இணைப்பில் இடைவெளி இருக்கிறதா என்பதையும், நுனியில் மயிரிழை வெடிப்பு உள்ளதா என்பதையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும்.

வாங்கிய மட்டையை அப்படியே களத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. ‘ரெடி டு பிளே’ என்று எழுதியிருந்தாலும்தான். கொதிக்க வைக்காத ஆளிவிதை எண்ணெயை ஒரு தேக்கரண்டி அளவு துணியில் தொட்டு முகத்திலும் விளிம்பிலும் மெல்லப் பூசி, படுக்கை வாட்டில் ஒரு நாள் காய விட்டு, இன்னொரு முறை பூசினால் போதும். பிடியின் இணைப்பில் எண்ணெய் படக் கூடாது. அதிகம் பூசினால் மரம் கனத்து மந்தமாகும். பிறகு மரச்சுத்தியலால் நான்கைந்து மணி நேரம், சில நாட்களாகப் பிரித்து, இலேசாகத் தொடங்கித் தட்ட வேண்டும். விளிம்புகளைச் சாய்வாகத் தட்டி உருட்ட வேண்டும். நுனியின் அடியை நேராகத் தட்டக் கூடாது. முடிந்ததும் பழைய பந்தில் மெதுவான எறிபந்துகளை ஆடிப் பார்க்கலாம். முகத்தில் தையலின் அச்சு ஆழமாகப் பதிந்தால் இன்னும் தட்ட வேண்டும். மேட்டிங் தரையில் ஆடுபவர்களின் மட்டை தேய்வது நுனியில்தான். அங்கே இழை பிரியத் தொடங்கியதும் மணல்தாளால் தேய்த்துப் பசையிட்டு ரப்பர் காப்பை மாற்றிவிட்டால், ஈரம் உள்ளே ஏறி நுனி உப்புவது தடுக்கப்படும்.