1886-இல் திருவிதாங்கூர் மன்னர் யார்?

முல்லைப் பெரியாறு அணையைப் பற்றிப் பத்து நிமிட வரலாற்றுக் காணொளி ஒன்று தயாராகிறது என்று வைத்துக்கொள்வோம். எழுதுபவர் ஒருவர், படத்தொகுப்பாளர் ஒருவர், சரிபார்ப்பவர் ஒருவர் என மூன்று பேர்தான் குழு. ஸ்கிரிப்டில் இப்படி ஒரு வரி வருகிறது: "1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் 999 ஆண்டுக் குத்தகைக்கு ஒப்புக்கொண்டார்."

தேதி சரி. 999 ஆண்டு என்பதும் சரி. மன்னர் பெயர்தான் தவறு. விசாகம் திருநாள் 1885-இலேயே இறந்துவிட்டார். ஒப்பந்தம் கையெழுத்தானபோது அரியணையில் இருந்தவர், 1885 முதல் 1924 வரை ஆண்ட மூலம் திருநாள். ஆனால் இணையத்தில் தேடினால் விசாகம் திருநாளின் பெயரே பல இடங்களில் கிடைக்கும். ஒரு பக்கத்தைப் பார்த்து இன்னொரு பக்கம் எழுதியிருப்பதால், பத்துப் பக்கங்கள் ஒரே பெயரைச் சொன்னாலும் அது பத்துச் சான்றாகாது.

இந்த மாதிரிப் பிழையைப் பிடிக்கத்தான் ஸ்கிரிப்டோடு சேர்த்து ஒரு தகவல் தாளும் தயாராக வேண்டும். எக்செல் தாளோ, கோடு போட்ட நோட்டோ போதும். ஸ்கிரிப்டின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முதலில் எண் கொடுக்க வேண்டும். பிறகு அதில் வரும் ஆள்பெயர், ஊர்ப்பெயர், தேதி, அளவு எல்லாவற்றையும் அடிக்கோடிட வேண்டும். "முதல்", "ஒரே", "மிகப் பெரிய" போன்ற சொற்களும் அடிக்கோட்டுக்குத் தப்பக் கூடாது, அவையும் தகவல்களே. அடிக்கோடிட்ட ஒவ்வொன்றும் தாளில் தனி வரிசையாகும்.

மேலே சொன்ன குத்தகை வாக்கியம் ஒன்றே மூன்று வரிசைகளாகப் பிரியும்: தேதி, மன்னர் பெயர், குத்தகைக் காலம். ஒரே வரிசையில் போட்டிருந்தால், சரிபார்ப்பவர் தேதியைப் பார்த்ததும் "சரி" என்று குறித்துவிட்டு நகர்ந்துவிடுவார். மன்னர் பெயர் தனி வரிசையில் இருந்தால், பக்கத்தில் ஆட்சிக் காலத்தை எழுதியாக வேண்டும். 1880 முதல் 1885 வரை என்று எழுதும்போதே 1886 இடிப்பது கண்ணில் படும். ஆகவே ஆள்பெயர் வரும் எல்லா வரிசையிலும் பிறப்பு, இறப்பு, பதவியில் இருந்த காலம் ஆகியவற்றைச் சேர்ப்பதைக் குழு கட்டாய வழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்படி இரண்டு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலை அரசியல் சர்ச்சையிலும் கைகொடுத்திருக்கிறது. மதுரையில் கலைஞர் நூலகத்துக்கு 2021-இல் இடம் தேர்வானபோது, அங்கிருந்த கட்டடம் அணையைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுவிக் வாழ்ந்த இல்லம் என்று எதிர்ப்பு எழுந்தது. பென்னிகுவிக் இறந்தது 1911 மார்ச் 9. கட்டடம் அதற்குப் பிறகே கட்டப்பட்டதைப் பொதுப்பணித் துறைப் பதிவுகள் காட்டுகின்றன என்று அரசுத் தரப்பு பதில் சொன்னது.

தேதிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே நிகழ்வுக்கு இரண்டு தேதிகள் இருக்கும், இரண்டும் உண்மையாக இருக்கும். குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது 1886 அக்டோபர் 29. ஆனால் குத்தகைக் காலம் அதே ஆண்டு ஜனவரி 1-இலிருந்தே கணக்காகிறது. நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்த உச்ச நீதிமன்றம் அனுமதித்தது எப்போது என்று கேட்டால், ஒருவர் 2006 என்பார், இன்னொருவர் 2014 என்பார். 2006 பிப்ரவரி 27 தீர்ப்பு அனுமதித்தது. அடுத்த மாதமே கேரளம் தன் சட்டத்தைத் திருத்தி 136 அடி என்று வரம்பு வைத்தது. 2014 மே 7 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டம் செல்லாது என்றது. அதனால் தேதிக்குப் பக்கத்தில் "எதன் தேதி?" என்று ஒரு கட்டம் தேவை. கையெழுத்தா, நடைமுறையா, திறப்பு விழாவா என்பதை அதில் எழுத வேண்டும். அளவுகளுக்கும் இதே கதிதான். அணையின் உயரம் 155 அடி என்றும் 176 அடி என்றும் படிக்கலாம். அடித்தளத்தின் ஆழமான இடத்திலிருந்து அளந்தால் கிடைப்பது இரண்டாவது எண்.

அடுத்தது ஆதாரக் கட்டம். சிறிய குழுக்கள் மணிக்கணக்கில் நேரத்தை இழப்பது இங்கேதான். "உச்ச நீதிமன்றத் தீர்ப்பு" என்று மட்டும் எழுதி வைத்தால், சரிபார்ப்பவர் முழுத் தீர்ப்பையும் புரட்ட வேண்டியிருக்கும். தீர்ப்பின் தேதி, பத்தி எண், அந்த வரியின் படம் ஆகியவற்றை எழுதுபவரே தாளில் வைத்துவிட்டால், ஒரு வரிசையைச் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும். நூலென்றால் பதிப்பாண்டும் பக்க எண்ணும் வேண்டும். அணைப் பணியில் இருந்த பொறியாளர் ஏ. டி. மெக்கன்சி எழுதிய பெரியாறு திட்ட வரலாறு 1899-இல் வெளிவந்தது. அணை திறக்கப்பட்டது 1895 அக்டோபரில். நான்கு ஆண்டுக்குள் எழுதிய நேரடிச் சாட்சியையும் போன வருடம் வந்த வலைக்கட்டுரையையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆகவே ஆதாரம் எந்த ஆண்டுடையது என்பதற்கும் ஒரு கட்டம் ஒதுக்க வேண்டும்.

அந்தக் கட்டம் இருந்தால்தான் மிகக் கடினமான வரிசையைக் கையாள முடியும். பணம் போதாமல் பென்னிகுவிக் தன் சொத்தை விற்று அணையைக் கட்டினார் என்ற கதை அது. தேனி மாவட்டத்தில் அவர் பிறந்த நாளான ஜனவரி 15-இல் பொங்கல் வைத்துக் கொண்டாடுகிறார்கள். அந்த நன்றியை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. அதற்காக ஆதாரக் கட்டத்தை வெற்றாக விட்டுவிட்டு இந்தக் கதையை வரலாறு என்று வாசிக்கவும் கூடாது. குத்தகையின் ஒரு தரப்பு இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர். அணை சென்னை மாகாண அரசின் திட்டம். சொத்து விற்ற கதைக்கு அந்தக் காலத்துக் கடிதமோ கணக்கோ கையில் கிடைக்காதவரை, தாளில் அதன் நிலை "செவிவழி" என்றே இருக்க வேண்டும். ஸ்கிரிப்டில் "கட்டினார்" என்பதை "கட்டினார் என்று தேனி மக்கள் சொல்கிறார்கள்" என மாற்றினால் வாக்கியம் நேர்மையாகிவிடும், கதையும் கெடாது.

நிலைக் கட்டத்தில் நான்கு சொற்கள் போதும்: சரி, தவறு, செவிவழி, பார்க்கவில்லை. இதை நிரப்புபவர் எழுதியவராக இருக்கக் கூடாது. எழுதியவரின் கண், தான் எழுத நினைத்ததைத்தான் படிக்கும். மூவர் குழுவில் ஆள் இல்லையென்றால் படத்தொகுப்பாளரிடம் கொடுக்கலாம். அவர் பொருள் தெரியாதவர் என்பது இங்கே நல்லதே.

குரல் பதிவுக்குப் பிறகு இன்னொரு சுற்று உண்டு. ஒலிப்பதிவின்போது 29 என்பது 19 ஆகலாம். திரையில் ஓடும் எழுத்து, வரைபடம், முகப்புப் படம் ஆகியவை ஸ்கிரிப்டில் இருந்திருக்காது. அவற்றிலும் பெயரும் ஆண்டும் இருக்கும். இவற்றுக்கும் எண் கொடுத்துத் தாளின் கடைசியில் சேர்த்த பிறகே வெளியிட வேண்டும். "பார்க்கவில்லை" என்று ஒரு வரிசை மிச்சமிருந்தாலும், அந்த வாக்கியத்தை வெட்டிவிட்டு மீதியை வெளியிடுங்கள்.